தற்காலிகத் தடையின் கடிகாரம் ஓடும்போது எதைத் தொடக்கூடாது

கேள்வி: கோயில் எண்ணில் ஜிபி வாட்ஸ்அப் வைத்திருந்தேன். காவடி அறிவிப்பை எல்லோருக்கும் ஒரே மூச்சில் அனுப்பியதும் தற்காலிகத் தடை என்று காட்டி, நேரம் குறைந்துகொண்டே வருகிறது. ஏன் இப்படி? பழைய உரையாடல்களோடு கணக்கைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: பெறலாம். ஆனால் அந்தக் கடிகாரம் முடியும் வரை, வாட்ஸ்அப்பைப் பிறர் மாற்றிக் கட்டிய செயலியான ஜிபி வாட்ஸ்அப்பை நீக்காதீர்கள். டர்பனில் செல்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். தைப்பூசம் நெருங்கும் வாரங்களில் இதே தொல்லையோடு கோயில் குழுக்காரர்கள் வருவதுண்டு. பதற்றத்தில் செயலியை நீக்கிவிட்டு வருகிறவர்களுக்குத்தான் பழைய உரையாடல்களை மீட்டுத் தருவது கடினமாகிறது. ஏனென்றால், உரையாடல்கள் உங்கள் செல்பேசியில் ஒரு கோப்புறையில் இருக்கின்றன. செயலியை நீக்கும்போது அந்தக் கோப்புறையும் சேர்ந்து அழிந்துவிடக்கூடும்.

ஆகவே முதல் வேலையாக, செல்பேசியைக் கணினியோடு இணைத்து, GBWhatsApp என்ற பெயருள்ள கோப்புறையைத் தேடி, அதை முழுவதுமாகக் கணினியில் நகலெடுத்து வையுங்கள். தடை ஓடிக்கொண்டிருக்கும்போதும் இதைச் செய்யலாம். செல்பேசியை மாற்றுவதாலோ செயலியை மீண்டும் நிறுவுவதாலோ கடிகாரம் குறையாது. அதற்காக முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கடிகாரம் முடிந்ததும் ஜிபி வாட்ஸ்அப்பை ஒரே ஒரு முறை, காப்பு எடுப்பதற்காக மட்டும் திறக்கவும். அமைப்புகளில் Chats பகுதிக்குச் சென்று காப்பு எடுத்த பிறகு, அந்தக் கோப்புறையைப் புதிதாக ஒருமுறை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஜிபி வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு, நகலின் பெயரை WhatsApp என்று மாற்றி, புதிய ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் கீழ்க்காணும் இடத்தில் அது அமையும்படி வைக்கவும்.

```
Android/media/com.whatsapp/WhatsApp
```

அதன் உள்ளே Databases என்ற கோப்புறையும், அதில் msgstore.db என்று தொடங்கும் கோப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உரையாடல்கள் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன. இதன் பிறகு பிளே ஸ்டோரிலிருந்து அதிகாரபூர்வ வாட்ஸ்அப்பை நிறுவி, அதே எண்ணைக் கொடுத்து உறுதிசெய்யவும். காப்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்பதால் வேறு எண்ணில் அது திறக்காது. எண் உறுதியானதும் காப்பு கிடைத்துள்ளதாகக் காட்டி, Restore என்ற பொத்தான் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் கோப்புறையின் பெயரோ இடமோ தவறி இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் Skip அழுத்தி உள்ளே போய்விட்டால் வெறும் கணக்குதான் திறக்கும். எனவே அங்கேயே நிறுத்தி, செயலியை நீக்கி, கோப்புறையைச் சரியான இடத்தில் வைத்து, மீண்டும் நிறுவுங்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மீளாத காப்புகளை நான் பார்த்திருக்கிறேன். மாற்றிய செயலி எழுதிய கோப்பை அதிகாரபூர்வச் செயலி படித்தே தீரும் என்று யாரும் உறுதியளிக்க முடியாது.

இனி, ஏன் தடை வந்தது என்பதற்கு வருகிறேன். உங்கள் கணக்கில் இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, செயலியே அதிகாரபூர்வமானது அன்று. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலியும் அதை உருவாக்கியவரின் கையொப்பத்தோடு வருகிறது. பிறர் பிரித்து மாற்றிக் கட்டிய செயலியில் அந்தக் கையொப்பம் இருக்க முடியாது. இத்தகைய செயலிகளைப் பயன்படுத்துவது வாட்ஸ்அப்பின் விதிமுறைகளுக்கு முரணானது என்பதால், நீங்கள் ஒரு செய்தியும் அனுப்பாமல் இருந்தாலும் தடை வரலாம். இரண்டாவது, அனுப்பிய முறை. செய்திகள் இருமுனை மறையாக்கம் செய்யப்படுவதால் முருகன் அருளைப் பற்றி எழுதினீர்களா, மோசடி விளம்பரம் எழுதினீர்களா என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் கணக்கின் நடத்தை. ஒருவர் கையால் தட்டச்சு செய்யும்போது எதிர்முனையில் ‘தட்டச்சு செய்கிறார்’ என்று தோன்றும். தானியங்கிக் கருவி அனுப்பும்போது அந்தக் குறி தோன்றாமல் போகலாம், அதுவும் ஓர் அடையாளம் என்று வாட்ஸ்அப் 2019-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. மாதத்திற்கு 20 லட்சத்திற்கும் மேற்பட்ட கணக்குகளைத் தடைசெய்வதாகவும், அவற்றில் முக்கால் பங்கு அண்மையில் எந்தப் பயனரும் புகார் செய்யாமலேயே தடைசெய்யப்படுவதாகவும் அதே அறிக்கை கூறுகிறது. ஆகவே, ‘யாரும் புகார் கொடுக்கவில்லையே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஒருவர் புகார் கொடுத்தாலோ, நீங்கள் அவருக்கு அனுப்பிய கடைசி 5 செய்திகள் வரை நிறுவனத்திற்குப் போய்ச் சேரும்.

சாட்ஸ்வர்த்திலுள்ள ஒரு கோயிலின் பொருளாளர் என்னிடம் வந்தபோது, உறுப்பினர் பதிவேட்டிலிருந்து 412 எண்களை எடுத்து, மாற்றிய செயலி ஒன்றின் மொத்த அனுப்பும் வசதியால் காவடி நேரங்களை ஒரே மாலையில் அனுப்பியிருந்தார். பலருக்கு அது முன்பின் தெரியாத எண். முதலில் 24 மணி நேரத் தடை வந்தது. அது நீங்கியதும் அதே செயலியில், விடுபட்டவர்களுக்கு மறுபடியும் அனுப்பினார். அடுத்த தடை அதைவிட நீண்டதாக இருந்தது. அந்தக் கட்டத்தில்தான் அவர் வந்தார். தற்காலிகத் தடைக்குப் பிறகும் அதிகாரபூர்வச் செயலிக்கு மாறாதவர்களின் கணக்கு நிரந்தரமாகத் தடைசெய்யப்படலாம் என்று வாட்ஸ்அப் தெளிவாகவே சொல்கிறது. அப்படி ஆகிவிட்டால் கடிகாரம் இருக்காது, அந்தக் கணக்கு வாட்ஸ்அப்பைப் பயன்படுத்த முடியாது என்ற செய்தி மட்டுமே இருக்கும். அப்போது Request a review என்பதை அழுத்தி, குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கக் குறியீட்டைக் கொடுத்து, நடந்ததை மறைக்காமல் இரண்டு மூன்று வரிகளில் எழுதி அனுப்பலாம். முடிவு அவர்கள் கையில்தான் இருக்கிறது. ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரிடம் அந்தக் குறியீட்டைக் கொடுத்துவிடாதீர்கள், கணக்கு அவர் கைக்குப் போய்விடும்.

பொருளாளர் ஐயாவின் உரையாடல்கள் நல்லவேளையாக மீண்டன. அறிவிப்பை அனுப்பும் வேலைக்கு, அதிகாரபூர்வச் செயலியிலுள்ள ஒலிபரப்புப் பட்டியலுக்கு அவரை மாற்றினேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும் என்பதால் 412 பேரை இரண்டு பட்டியல்களாகப் பிரித்தோம். உங்கள் எண்ணைத் தம் தொடர்புகளில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இது குறை போலத் தோன்றினாலும், தடையிலிருந்து உங்களைக் காப்பது இந்தக் கட்டுப்பாடுதான், ஏனென்றால் அறியாதவரிடம் செய்தி போவதே இல்லை. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்தவர்களிடம் கோயில் எண்ணைச் சேமிக்கச் சொல்லி, அங்கேயே ஒரு வணக்கம் அனுப்பவும் செய்தார்கள்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். காவடி நேர அறிவிப்பும் நன்கொடை வேண்டுகோளும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா, நன்கொடை கேட்டு அனுப்பும் செய்தியையும் நேரடிச் சந்தைப்படுத்தலாகவே கருதுகிறது. எனவே அதற்கு முன்சம்மதம் வாங்கியவர்களின் பட்டியலை வேறாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் அனுப்பிய பிறகு, செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யார் யாருக்குச் சேர்ந்தது என்று தெரியும். அந்தக் கோயிலில் முதல் முறை 61 பேருக்குச் சேரவில்லை. அந்தப் பெயர்களைத் தாளில் எழுதி, கோயில் மாதர் குழுவினர் ஆளுக்குப் பத்துப் பேராகப் பிரித்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்கள். அழைக்கும்போதே, எண்ணைச் சேமித்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொண்டார்கள்.