பிளாட்டினத்தில் CO அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் குறைவது ஏன்?

"பிளாட்டினம் வினைவேகமாற்றியில் CO ஆக்சிஜனேற்றம் செய்கிறேன். CO அழுத்தத்தைக் கூட்டக் கூட வினைவேகம் குறைகிறது. கருவியில் கோளாறா?"

கருவியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. CO தானே பரப்பை அடைத்துக்கொள்கிறது. பிளாட்டினத்தில் CO வலுவாக ஒட்டுகிறது. ஆக்சிஜன் மூலக்கூறோ இரண்டு அணுக்களாகப் பிரிந்து ஒட்டுவதற்கு அருகருகே இரண்டு காலி இடங்கள் வேண்டும். லாங்மியூர் சமன்பாட்டின்படி காலி இடங்களின் பங்கு 1/(1+KP) ஆகும்; இதில் P என்பது CO அழுத்தம், K என்பது CO எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்பதைக் காட்டும் மாறிலி. KP = 9 எனில் பத்தில் ஒரு பங்கு காலி; அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அது பத்தொன்பதில் ஒன்றாகிறது, இரண்டு இடங்கள் சேர்ந்து கிடைக்கும் வாய்ப்போ அதைவிட வேகமாகச் சுருங்குகிறது.

இதைச் சரிபார்க்க, ஆக்சிஜன் அழுத்தத்தை மாற்றாமல் வெப்பநிலையை மெல்ல உயர்த்திப் பாருங்கள். CO பரப்பை விட்டு வெளியேறத் தொடங்கியதும் வேகம் திடீரென ஏறினால், காரணம் இந்த அடைப்புத்தான். குளிர்ந்த நிலையில் கிளப்பிய காரில் புகையைச் சுத்தப்படுத்தும் வினைவேகமாற்றிக் கருவி முதலில் CO-வை நீக்கத் தடுமாறுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.