ராஃப்டிங் வெய்வர் ஃபார்மைத் தமிழில் போடுவது: கேள்வி பதில்

தஞ்சாவூரில் இருக்கிறேன். சட்டப் பத்திரங்களையும் மருத்துவமனை ஒப்புதல் படிவங்களையும் தமிழாக்குவது என் தொழில். வேகமாக ஓடுகிற ஆற்றில் ரப்பர் படகில் போவது ராஃப்டிங். அடிபட்டாலும் நஷ்டஈடு கேட்க மாட்டேன் என்று அதற்கு முன்னால் கையெழுத்து வாங்குகிற தாள்தான் வெய்வர். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கும்பகோணம், டூர் நடத்துபவர்: மழை சீசனில் குடகுக்கு ஆள் கூட்டிப்போறேன் அக்கா. கம்பெனி ஆங்கிலத்தில் கொடுத்த ஃபார்மைத் தமிழில் போட்டுட்டேன். "நீரில் மூழ்குதல், சிக்குண்டு போதல், உடற்காயம், மரணம் உள்ளிட்ட, ஆனால் அவற்றோடு மட்டும் நில்லாத இடர்களை நான் அறிவேன்." சரியா இருக்கா?

ஒரு சொல்லையும் விடாமல் போட்டிருக்கிறீர்கள், வக்கீல் பார்த்தால் குறை சொல்ல மாட்டார். ஆனால் உங்கள் பஸ்ஸில் வருகிறவர் இதைப் படித்து முடித்த பிறகும் ஆற்றில் தனக்கு என்ன நடக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. "சிக்குண்டு போதல்" என்றால் நம் ஊர்க்காரர் எதில் சிக்குவதாக நினைப்பார்? மீன் வலை, வெங்காயத்தாமரை, இல்லையென்றால் மணல் அள்ளின பள்ளம். அங்கே இருக்கிற ஆபத்து வேறு. அங்கே ஆற்றின் அடி பாறை. ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்த்தால் பாதம் பாறை இடுக்கில் மாட்டும், பின்னாலிருந்து வருகிற தண்ணீர் ஆளை முன்பக்கம் மடக்கி முகத்தை உள்ளே அமுக்கிவிடும். முதுகில் விழுகிற அந்த வேகத்தை எதிர்த்து நிமிர முடியாது. பக்கத்தில் இருப்பவராலும் சட்டென்று இழுத்து எடுக்க முடியாது.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. நமக்குப் பழகின ஆறு மணல் ஆறு. அடித்துக்கொண்டு போனால் கால் எங்கே தரை தட்டும் என்றுதான் தேடுவோம், தட்டியதும் எழுந்து நின்றுவிடுவோம். இங்கே பிழைக்க வைக்கிற அதே பழக்கம்தான் அங்கே ஆளைக் கொல்லும். அதனால் அந்த ஒற்றை வரியை நான் இப்படி விரித்து எழுதுவேன்:

"படகு கவிழலாம். கவிழாமலேயே நீங்கள் மட்டும் வெளியே விழலாம். விழுந்தால் எழுந்து நிற்காதீர்கள். நின்றால் கால் பாறையில் மாட்டி, தண்ணீர் உங்களை அமுக்கிவிடும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும், நன்றாக நீந்தத் தெரிந்தாலும் இதில் உயிர் போகலாம். மல்லாந்து படுங்கள். கால்களை ஓட்டம் போகிற பக்கம் நீட்டி, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைத்து மிதந்து வாருங்கள். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கிற இடம் வந்த பிறகுதான் நிற்க வேண்டும்."

நீளம்தான். ஆனால் என்ன நடக்கும், ஏன் நடக்கும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. காயங்கள், மாரடைப்பு எல்லாவற்றையும் இப்படி விரிக்க வேண்டாம். உயிரை எடுக்கிற ஒன்றிரண்டை விரித்தால் போதும்.

திருவையாறுக்காரன், தாண்டேலியில் ராஃப்ட் கைடு: அக்கா சொன்னது சரி. காளி ஆத்துல விழுறவங்க முதல்ல செய்யுறதே எழுந்து நிக்கப் பாக்குறதுதான், நாங்க கத்துறது தண்ணி சத்தத்துல கேக்காது. இன்னொண்ணும் சேருங்க. துடுப்போட மேல்பிடியை விட்டுட்டா அது பக்கத்துல இருக்கவர் வாயில அடிச்சுப் பல்லு போகும்.

சேர்த்துக்கொள்கிறேன் தம்பி. "துடுப்பின் மேல்பிடியிலிருந்து கையை எடுக்காதீர்கள், எடுத்தால் அது பக்கத்தில் இருப்பவர் பல்லை உடைக்கும்." இவ்வளவு போதும்.

மன்னார்குடி, சட்டம் படிக்கும் மாணவர்: கையெழுத்து வாங்கினாலும் கம்பெனியின் அலட்சியத்துக்கு அது காப்பாகாது மேடம், நம்ம நாட்டில் வெய்வர் செல்லாது. அப்புறம் எப்படி மொழிபெயர்த்தால் என்ன?

பாதி சரி. பொதுநலனுக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது, நியாயமற்ற ஒப்பந்தங்களைப் பற்றி 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பேசுகிறது. அதற்காக எல்லா வெய்வரும் வெறும் காகிதம் என்று சொல்லிவிட முடியாது. ஆபத்தைத் தெரிந்தே போனார் என்று காட்ட அதே தாளை எடுத்து நீட்டுவார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவையும் பாருங்கள்: இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒத்துக்கொண்டால்தான் அது சம்மதம். வாசித்தவர் வேறு மாதிரி புரிந்துகொள்ளும்படி நான் தமிழாக்கினால் அந்தச் சம்மதமே கேள்விக்குள்ளாகும். அதோடு, வழக்கு என்று வருவதற்கு முன்னால் ஆற்றில் ஒருவர் விழுகிறாரே, அவருக்கு அந்தத் தாள் உதவ வேண்டும்.

கும்பகோணம், டூர் நடத்துபவர்: "நிறுவனத்தின் கவனக்குறைவால் நேர்ந்தாலும்" என்று ஒரு வரி வருது. அதை "எதிர்பாராத விபத்து நேர்ந்தாலும்"னு மாத்திட்டேன். இல்லாட்டி ஆள் பயந்துடுவாங்க அக்கா, பாதிப் பேர் கேன்சல் பண்ணிடுவாங்க.

மாற்றாதீர்கள். எதிர்பாராத விபத்து என்றால் யார் மேலும் தப்பில்லை என்று பொருள். மூலத்தில் இருப்பது, தப்பு கம்பெனி மேலேயே இருந்தாலும் கேட்க மாட்டேன் என்பது. கையெழுத்துப் போடுகிறவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். நான் இப்படி எழுதுவேன்: "கம்பெனி ஆட்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் எனக்கு அடிபட்டாலும், நான் இறந்தாலும், நானோ என் குடும்பமோ நஷ்டஈடு கேட்க மாட்டோம் என்று இந்தப் படிவம் கேட்கிறது." இதற்குக் கீழே இன்னொரு வரி ஒளிந்திருக்கும். என்னால் கம்பெனி மேல் யாராவது வழக்குப் போட்டால் அந்தச் செலவை நான் கட்டுவேன் என்பது. பணம் சம்பந்தப்பட்ட அதைத் தனிப் பத்தியாகப் போடுங்கள்.

இதைப் படித்து ஒருவர் வேண்டாம் என்று நின்றுகொண்டால் படிவம் தன் வேலையைச் செய்திருக்கிறது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள். கரையில் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுத் தாளை நீட்டினால் யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதனால் கும்பகோணத்திலேயே, கிளம்புவதற்கு முதல் நாளே கையில் கொடுத்துவிடுங்கள்.

மயிலாடுதுறை, ஒரு அம்மா: என் பையனுக்கு 16 வயசு. ஆடிப்பெருக்குக்கு எங்க ஊர்க் காவிரியில இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துவான். ஃபார்ம்ல "நீச்சல் தெரியும்"னு டிக் அடிச்சாப் போதுமாங்க?

போதாதுங்க. மேலே பாறையில் கால் மாட்டுவது பற்றி எழுதியிருப்பதை அவனையே படிக்கச் சொல்லுங்கள், படித்ததும் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "தண்ணியில விழுந்தா என்னடா செய்வே?" என்று கேளுங்கள். "நீந்திக் கரைக்கு வந்துடுவேன்" என்றான் என்றால் அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. நானும் எந்தப் படிவம் முடித்தாலும் விவரம் தெரியாத இரண்டு மூன்று பேரிடம் இப்படித்தான் கேட்கிறேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். ஒரே வரியில் இரண்டு பேர் தடுமாறினால் வரியைத்தான் மாற்றுவேன்.

18 வயது ஆகாதவன் போடுகிற கையெழுத்தால் ஒப்பந்தம் ஏற்படாது, நீங்கள் போட வேண்டியிருக்கும். ஜாக்கெட்டை மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காது வரைக்கும் ஏறினால் அது தளர்வு.

திருவாரூர்: கீழே "முரண்பாடு இருந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும்"னு கம்பெனி போடச் சொல்லுது. அப்ப தமிழ்ல எவ்வளவு தெளிவா எழுதினாலும் என்ன பிரயோஜனம்?

இது எனக்கும் உறுத்தலான இடம். அந்த வரியைக் கடைசியில் பொடி எழுத்தில் போடாமல் முதல் பக்கத்தின் உச்சியில் போடச் சொல்கிறேன், சில கம்பெனிகள் கேட்கின்றன, சில கேட்பதில்லை. கேட்காவிட்டால் கையெழுத்துப் படிவத்தை அப்படியே விட்டு, "விளக்கத் தாள்" என்று தனியாக ஒன்று எழுதிக் கொடுக்கிறேன். அந்தத் தாளுக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கும்பகோணம், டூர் நடத்துபவர்: எழுதப் படிக்கத் தெரியாதவங்க வந்தா நானே வாசிச்சுக் காட்டிக் கைநாட்டு வாங்கிக்கலாமா அக்கா?

வாசித்துக் காட்டலாம், ஆனால் நீங்கள் வேண்டாம். டிக்கெட் விற்கிறவர் வாசித்தால் பயமுறுத்துகிற வரிகளில் குரல் தானாக வேகம் பிடிக்கும். அவர் வீட்டு ஆள் வாசிக்கட்டும், வாசித்தவர் பெயரையும் கைநாட்டுக்குப் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். தனியாக வருகிறவருக்கு யார் வாசிப்பது என்பதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை. கைடு தம்பி, அங்கே நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.