ஃபாஸ்டிங் சுகர் 126 தான், அப்புறம் ஏன் கன்னம் மரத்துப் போகிறது?

"டாக்டர், எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். அப்பாவுக்கு 57 வயது, பன்னிரண்டு வருடமாக சுகர், மாத்திரை ஒழுங்காகப் போடமாட்டார். போன மாதம் கடுமையான நிமோனியா வந்து ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது, தினமும் காலையில் ஸ்டீராய்டு மாத்திரை போடுகிறார். ஃபாஸ்டிங் சுகர் 126 தான் காட்டுகிறது. மூன்று நாளாக வலது கன்னம் மரத்த மாதிரி இருக்கிறதாம், மேல் பல் வலிக்கிறது, அந்தப் பக்க மூக்கும் அடைப்பு. பல் டாக்டர் திங்கட்கிழமை பல்லை எடுத்துவிடலாம் என்கிறார். சித்தப்பா இது கருப்புப் பூஞ்சை என்று பயமுறுத்துகிறார். அது கொரோனா வந்தவர்களுக்குத்தானே? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, தொற்றுமா?"

தம்பி, திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குக் கிளம்புங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை ஆனாலும் சரி, சி.எம்.சி. ஆனாலும் சரி, ஈ.என்.டி. டாக்டர் மூக்குக்குள் எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்க்கிற வசதி உள்ள வேறு எந்த இடம் ஆனாலும் சரி. டிஸ்சார்ஜ் சம்மரியையும் இப்போது போடுகிற மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் "மூக்கடைப்பு, பல் வலி" என்று ஆரம்பிக்காதீர்கள், நாலு மணி நேரம் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "சுகர் இருக்கிறது, ஐ.சி.யூ.வில் இருந்து வந்தவர், ஸ்டீராய்டு போடுகிறார், ஒரு பக்கக் கன்னம் மரத்துவிட்டது" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். இந்த நான்கும் சேர்ந்து காதில் விழுந்தால் விஷயம் தெரிந்த டாக்டர் எழுந்து வந்துவிடுவார்.

சாதாரண சைனஸ் தொந்தரவாகவும் இருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டியது இன்றைக்கு, ஏனென்றால் இது பூஞ்சையாக இருந்துவிட்டால் கணக்கு மணி நேரத்தில்தான் போகும். குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம், இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற வியாதி இல்லை.

இப்போது அந்த 126. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகப் பயம் கொடுத்தது அந்த எண்தான், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். காலை நாஷ்டாவுக்குப் பிறகு போடுகிற ஸ்டீராய்டு மாத்திரை என்ன செய்கிறது என்றால், ஈரலை இன்னும் சர்க்கரை தயாரிக்கச் சொல்கிறது, தசைகளை இன்சுலின் பேச்சைக் கேட்காமல் செய்கிறது. இந்த வேலை மத்தியானம் உச்சத்துக்குப் போய், சாயங்காலம் வரை நீடித்து, ராத்திரியில் மெல்ல இறங்கி, விடியற்காலையில் கிட்டத்தட்ட அடங்கிவிடும். நீங்கள் விரலைக் குத்திப் பார்ப்பது சரியாக அந்த அடங்கிய நேரத்தில். ஸ்டீராய்டு போடுகிறவருக்கு ஃபாஸ்டிங் மட்டும் பார்ப்பது போதவே போதாது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னும் பார்க்க வேண்டும். இதை டிஸ்சார்ஜ் செய்யும்போது ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், பெரும்பாலும் சொல்வதில்லை, அது எங்கள் தரப்புத் தவறு.

ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவு வீட்டு அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். ஐம்பது வயது தாண்டியவர், உங்கள் அப்பா மாதிரியே நிமோனியா, ஸ்டீராய்டு, பழைய சுகர். மகள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு அழகாக எழுதி வைத்திருந்தாள்: 118, 131, 124, எல்லாம் காலை ஆறு மணி. மத்தியானத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அப்போது மணி மூன்று இருக்கும், அங்கேயே விரலைக் குத்திப் பார்த்தேன், 412. அவருக்கும் முதலில் கன்னம் மரத்து, பிறகு மேல் பல் வலித்து, பல்லை எடுத்திருக்கிறார்கள். எடுத்த குழி ஆறு நாளாகியும் ஆறவில்லை, சதை மூடவில்லை, பக்கத்துப் பல்லும் ஆடுகிறது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். மேல் அண்ணத்தில் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இளஞ்சிவப்பு, அந்தப் பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சாம்பல் கறுப்பு. தொட்டால் வலிக்கவில்லை, ரத்தமும் வரவில்லை. வலிக்காதது நல்ல செய்தி இல்லை, அந்த இடம் செத்துவிட்டது என்று அர்த்தம்.

ஏன் பல்லும் கன்னமும்? கண்ணுக்குக் கீழே, சைனஸ் அறையின் கூரையை ஒட்டி ஒரு நரம்பு ஓடிக் கன்னத்தில் வெளியே வருகிறது, வரும் வழியிலேயே மேல் பற்களுக்கும் கிளை விடுகிறது. பூஞ்சை மூக்கில் ஆரம்பித்து சைனஸுக்குள் போனதும் அந்த நரம்பைத் தொடுகிறது. அதனால்தான் பல்லில் பூச்சியே இல்லாமல் பல் வலிக்கிறது. அந்தப் பல்லைப் பிடுங்கினால் நோய் போகாது, நாள்தான் போகும்.

பூஞ்சை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கும் இருக்கிறது. மியூகார்மைகோசிஸ் என்கிற இந்த நோயை உண்டாக்குபவற்றில் முதலிடம் ரைசோபஸுக்கு, நாலு நாள் மறந்துபோன ரொட்டித் துண்டில் பஞ்சு மாதிரி வளருமே, அந்த இனம்தான். எருக்குழி, மக்கிய இலை, மண் தூசி எல்லாவற்றிலும் அதன் வித்துகள் உண்டு. நீங்களும் நானும் தினமும் மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் மூக்கிலும் நுரையீரலிலும் உள்ள வெள்ளை அணுக்கள் அவற்றை விழுங்கிக் கொன்றுவிடும்.

கட்டுப்படாத சுகரில் இந்த வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன, இடத்துக்கு வந்து சேரவே நேரமாகிறது, வந்தாலும் கொல்லும் வலு குறைவு. ஸ்டீராய்டு அதற்கு மேல் இன்னொன்று செய்கிறது: அணுக்கள் வித்தை விழுங்கினாலும் உள்ளே வைத்து அழிக்க முடியாமல் போகிறது, வித்து முளைவிட்டுவிடுகிறது. கூடவே சுகரையும் ஏற்றுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கிற மாதிரி ஆகிவிடும்.

காவல் தளர்ந்தது ஒரு பாதி என்றால், தீனி கிடைப்பது மறுபாதி. இந்தப் பூஞ்சை வளர இரும்புச்சத்து வேண்டும். நம் ரத்தத்தில் இரும்பு சும்மா மிதப்பதில்லை, ஒரு புரதம் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். சுகர் மிகவும் ஏறி உடம்பில் கீட்டோன் என்கிற அமிலப் பொருள் சேர்ந்து ரத்தம் அமிலத்தன்மை ஆகும்போது அந்தப் பிடி தளர்ந்து இரும்பு வெளியே வருகிறது. போதாததற்கு, சர்க்கரையும் கீட்டோனும் கூடும்போது ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒரு வகைப் புரதம் அதிகமாகிறது, பூஞ்சைக்கு அது பிடித்து ஏறும் கொக்கி மாதிரி. அதனால்தான் இது படர்தாமரைப் பூஞ்சை மாதிரி தோல்மேல் படர்ந்து நிற்காமல் ரத்தக்குழாய்க்குள்ளேயே புகுந்து அடைக்கிறது. அடைத்த குழாய்க்கு அப்பால் உள்ள சதை, எலும்பு எல்லாம் ரத்தமில்லாமல் கறுத்துப் போகிறது. கறுப்பு என்பது செத்த சதையின் நிறம், பூஞ்சையின் நிறம் இல்லை. அதனால் கறுப்பாக ஏதாவது தெரிகிறதா என்று வீட்டில் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, அது தெரியும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும்.

கொரோனாவுக்கு மட்டும் சொந்தமான நோய் இல்லை இது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கட்டுப்படாத சுகர்காரர்களிடம் நம் ஊரில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். 2021 மே மாதம் தமிழக அரசு இதை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கும் அளவுக்குப் பெருகியதற்கு ஸ்டீராய்டும் ஒரு பெரிய காரணம். கொரோனாவில் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 6 மி.கி., அதிகபட்சம் பத்து நாள், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அது உயிர் காத்தது. ஆனால் வீட்டில் லேசான காய்ச்சலோடு இருந்தவர்களும் அதையே விழுங்கினார்கள், சுகர் பார்க்காமல். உங்கள் அப்பாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்ததைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, ஐ.சி.யூ.வில் அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் பயத்தில் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில வாரம் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து வேறு ஆபத்து வரும். எவ்வளவு குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரிடம் இன்றே கேளுங்கள். மருந்துக் கடையில் பூஞ்சை மாத்திரை என்று ஃப்ளூகோனசோல் கொடுத்தால் வாங்க வேண்டாம், இந்தப் பூஞ்சை அதற்கு மசியாது.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் பார்த்து, சந்தேகமான இடத்திலிருந்து துளி சதை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அன்றைக்கே பதில் வந்துவிடும். இந்தப் பூஞ்சை என்றால் பட்டையான ரிப்பன் மாதிரி இழைகள் தெரியும், கிளைகள் கிட்டத்தட்ட செங்குத்தாகப் பிரியும். கண்ணுக்கோ மூளைக்கோ போயிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். நோய் உறுதியானால் செத்த பகுதியை அறுவை செய்து எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் ரத்தம் ஓடாத இடத்துக்கு எந்த ஊசி மருந்தும் போய்ச் சேராது. கூடவே ஆம்ஃபோடெரிசின் என்கிற பூஞ்சைக்கொல்லி ஊசி, லைப்போசோமல் வகை என்றால் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. தினமும், பல வாரம். அது சிறுநீரகத்தைச் சோதிக்கும், பொட்டாசியத்தை இறக்கும், அதனால் அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள், அதைப் பார்த்து மிரள வேண்டாம். சுகருக்கு இப்போதைக்கு மாத்திரை உதவாது, இன்சுலின்தான்.

ஆரணி அம்மாவுக்கு மேல் அண்ணத்தில் ஒரு பாதியை எடுக்க வேண்டியிருந்தது, கண் தப்பியது. பல்லை எடுப்பதற்கு முன்பே, கன்னம் மரத்தபோதே வந்திருந்தால் அண்ணமும் தப்பியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

வண்டி வருவதற்குள் ஒருமுறை சுகர் பாருங்கள், மணியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாந்தி, வேகமான மூச்சு, அரைத்தூக்கம், கண் இமை இறங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஓ.பி. நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னால் திரும்பி வராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல் டாக்டருக்குத் திங்கட்கிழமை வரவில்லை என்று போனில் சொல்லி, காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.