லாரி வாடகைக்கும் வரி உண்டா?

"கோவையிலிருந்து மோட்டார் அனுப்புகிறேன். சரக்கு 1,00,000, லாரி வாடகை 4,000, காப்பீடு 500. கடைசி இரண்டையும் வரிக்குக் கீழே தனியாகப் போடலாமா?"

போடக்கூடாதுங்க. ஜிஎஸ்டி சட்டம் 15(2)(சி) பிரிவின்படி, சரக்கை ஒப்படைக்கும் வரை நீங்கள் செய்து வாங்குபவரிடம் வசூலிக்கும் செலவெல்லாம் மதிப்பில் சேரும். வரி 1,04,500க்கு. மோட்டாருக்கு 18% என்றால் அதே விகிதம்தான்: 18,810 ரூபாய். லாரிக்கு 5% தானே என்று பிரித்துப் போடுவதும் எடுபடாது. சரக்கோடு சேர்ந்த ஒரே விற்பனை அது.

ஒப்பந்தப்படி கிடங்கிலேயே சரக்கை ஒப்படைத்து, வாங்குபவரே லாரி பிடித்து வாடகை கொடுத்தால் உங்கள் பில்லில் அது வராது.

பழைய பில்களில் விட்டிருந்தால் குறைந்த வரிக்கு டெபிட் நோட் போடுங்கள்.