தொண்ணூறு கிலோவில் கோடு போடுங்கள்

கேள்வி: கோத்தகிரியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். ஒரே ஓவன்தான், ஒரு தடவைக்கு ஒரு கிலோ பிளம் கேக் இரண்டு வைக்கலாம். கிறிஸ்துமஸுக்கு இதுவரை 72 கிலோ ஆர்டர் வந்திருக்கிறது. சர்ச்சுக்கு 23-ஆம் தேதி காலையில் 200 கப் கேக்கும் கொடுக்க வேண்டும். இன்னும் போன் வந்துகொண்டே இருக்கிறது. போன வருஷம் கடைசி மூன்று ராத்திரியும் தூங்கவில்லை. எவ்வளவு வரைக்கும் வாங்கலாம்? இன்னொரு ஓவன் வாங்கிவிடட்டுமா? (ஒரு வாசகி, கோத்தகிரி)

பதில்: முதலில் ஓவன் ஒரு நாளைக்கு எத்தனை ஈடு தாங்கும் என்று பாருங்கள். ஒரு டின் மட்டும் வைத்து வேகவிட்ட நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு டின் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடுப்பகுதி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். இரண்டையும் வைத்து ஒரு முறை கடிகாரம் பார்த்துவிடுங்கள். 150 டிகிரியில் ஒன்றே முக்கால் மணி, டின்னை மாற்றிச் சூடு மறுபடி ஏறக் கால் மணி, ஆக ஈட்டுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துக்குள் நான்கு ஈடு போகும். ஆனால் மூன்றுக்கு மட்டும் ஆர்டர் வாங்குங்கள். உங்கள் ஊருக்கு வடகிழக்கு மழை டிசம்பரிலும் வரும். எங்காவது மரம் சாய்ந்து கரண்ட் போனால், நான்காவது ஈடுதான் கைகொடுக்கும். கேக் வைத்த அரை மணிக்குள் கரண்ட் போய் வரத் தாமதமானால் அந்த ஈடு அநேகமாக அமுங்கிப்போகும். கடைசிக் கால் மணியில் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள், உள்ளே இருக்கும் சூட்டிலேயே பெரும்பாலும் வெந்துவிடும்.

ஆக, நாளைக்கு ஆறு கிலோ. 72 கிலோவுக்குப் பன்னிரண்டு நாள். டிசம்பர் 1-ல் தொடங்கினால் ஞாயிறு விட்டு 14-ஆம் தேதிக்குள் முடித்துவிடலாம். 15 முதல் 18 வரை நான்கு நாளில் மூன்று நாளுக்கு மட்டும் புது ஆர்டர் வாங்குங்கள், அது 18 கிலோ. மிச்ச ஒரு நாள், கருகினதையும் அமுங்கினதையும் திரும்பச் செய்ய. மொத்தம் 90 கிலோ. அதற்கு மேல் வருகிற போனுக்கு, தெரிந்த இன்னொரு கேக்காரரின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

எதை முதலில் செய்வது என்பதும் முக்கியம். ரம்மில் ஊறிய பழம் போட்ட கேக்கை இறுக்கமாகச் சுற்றி வைத்தால் மூன்று வாரத்துக்கு மேலும் தாங்கும், சுவையும் கூடும். அதை முதல் வாரத்தில் முடியுங்கள். ரம் வேண்டாம் என்று சொல்லிப் பழச்சாற்றில் கேட்டவர்களின் கேக்கைக் கடைசி நாட்களுக்குத் தள்ளுங்கள். எதுவானாலும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுற்றாதீர்கள். உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ராத்திரி முழுக்க டின்னிலேயே ஆறட்டும். அதனால் உங்களுக்கு இரண்டு டின் போதாது, குறைந்தது ஆறு டின் வேண்டும். நிறைய பேர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: ஓவன் காலியாக இருக்கும், டின் காலியாக இருக்காது.

கலவையையும் மொத்தமாகக் கலக்கி வைக்காதீர்கள். காத்திருந்தால் பேக்கிங் பவுடரின் வேகம் போய்விடும். முதல் ஈடு இறங்க அரை மணி இருக்கும்போது அடுத்ததைக் கலக்கலாம். குளிரில் வெண்ணெய் கல்லாக இருக்கும், முட்டையும் ஜில்லென்றிருக்கும். இரண்டும் சேர்ந்தால் கலவை திரிந்துபோகும். வெண்ணெயை முந்தின ராத்திரியே வெளியே எடுத்து வையுங்கள், முட்டையை வெந்நீரில் போடாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள்.

கப் கேக்கைப் பல நாள் முன்கூட்டிச் செய்ய முடியாது. ஈட்டுக்குப் பன்னிரண்டு, அரை மணி நேரம் என்றால் 200-க்குப் பதினேழு ஈடு, எட்டரை மணி நேரம். ஒரே நாளில் செய்தால் சறுக்கினால் மீள இடமில்லை. 21-ல் எட்டு, 22-ல் ஒன்பது என்று பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அந்த இரண்டு நாளும் ஓவனில் பிளம் கேக் வேண்டாம். சுற்றுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் 19, 20-லேயே முடியட்டும்.

இன்னொரு ஓவன் இப்போது வேண்டாம். 2000 வாட் ஓவன் ஒன்றே கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும். இரண்டை ஒரே லைனில் போட்டால் பதினேழைத் தாண்டும். மலையில் கீசர் வேறு காலையில் ஓடும், பழைய வீட்டு ஒயரிங் சூடேறிவிடும். இன்வெர்ட்டரும் சாதாரணமாக ஓவனைத் தாங்காது. ஜனவரியில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுக்க முடியுமா என்று கேளுங்கள், அப்புறம் ஓவன் விலை பாருங்கள்.