பழைய கிரோன் வரியும் மாசி அறுவடையும்

அண்ணா, கிளிநொச்சியில் ஒரு நெல் களஞ்சியத்தின் சேர்வரைப் பார்க்கிறேன். எனக்கு முன்னிருந்தவர் விட்டுப்போன crontab இல் 31 வரிகள் கிடக்கின்றன. அதில் ஒன்று இரவு 2 மணிக்கு விலைப்பட்டியலைக் கோப்பாக எழுதுகிறது. கேட்டால், "அது பழசு, ஒருத்தருக்கும் தேவையில்லை" என்கிறார்கள். ஒரு கிழமை நிறுத்திப் பார்த்துவிட்டு அழிக்கலாமா?
— வாசகர், கிளிநொச்சி

தம்பி,

ஒரு கிழமை காணாது. நானும் இப்படித்தான் மாங்குளம் பக்கம் ஒரு களஞ்சியத்தில் கார்த்திகை மாதம் ஒரு வரியை நிறுத்தினேன். வேண்டியவன் கத்துவான் என்று இருந்தேன். கார்த்திகை, மார்கழி, தை, ஒரு சத்தமும் இல்லை. மாசியில் அறுவடை தொடங்கி மூன்றாம் நாள், லாண்ட்மாஸ்டரில் 20 மூடை கொண்டுவந்த ஐயா ஒருவர் தராசில் அடித்த விலைத் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கிலோவுக்கு 6 ரூபா குறைவாகப் போட்டிருந்தது. 1,300 கிலோவுக்கு 7,800 ரூபா. மனக்கணக்கில் சொன்னார். அவருக்கு முன் இரண்டு நாளாக எத்தனை பேர் துண்டைப் பார்க்காமல் போனார்களோ, அதை நாங்கள் பிறகு ஒவ்வொன்றாகத் தேடித் தீர்க்க வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். தராசோடு பூட்டிய கணினி அறுவடைக் காலத்தில் மட்டும்தான் போடப்படும். காலையில் போட்டவுடன் சேர்வரிலிருந்து விலைக் கோப்பை ஒருதரம் வாசிக்கும். நான் வேலையை நிறுத்தினேனே தவிர, அது கடைசியாக எழுதிய கோப்பு அங்கேயே இருந்தது. தராசுக்குக் கோப்பு கிடைத்தது, அதனால் பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை, கார்த்திகை விலையை அச்சடித்தது. வேலை நின்றால் யாராவது கத்துவார்கள் என்ற என் எண்ணம் அங்கேதான் பிழையாகிப் போனது. கோப்பு இல்லாமல் போனால்தான் கத்துவார்கள். பழசாகிப் போனால் கத்தமாட்டார்கள்.

ஆகவே முதலில் யார் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். லினக்ஸில் audit இருந்தால் கோப்பு இருக்கும் அடைவையே கண்காணிக்கலாம்:

```
auditctl -w /srv/nel/out -p r -k vilai
ausearch -k vilai -i
```

முதல் கட்டளை சேர்வரை மீள இயக்கினால் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் அதை /etc/audit/rules.d இல் எழுத வேண்டும். பேக்கப் நிரலும் வாசிப்பதாகக் காட்டும், அதைக் கழித்துவிடுங்கள். களஞ்சியக் கணினிகள் சம்பா வழியாக வந்தால் எல்லாமே smbd என்றுதான் தெரியும். அப்போது எந்தக் கணினி என்று அறிய, அந்த நேரத்தில் smbstatus போட்டுப் பாருங்கள்.

ஆனால் பதிவு வெறுமையாக இருப்பதை நம்பிவிடாதீர்கள். அணைந்து கிடக்கும் கணினி ஒன்றையும் வாசிக்காது. களஞ்சியத்துக்குப் போய், "விலைக் கோப்பு வேண்டுமா?" என்று கேட்டால் பொடியன்களுக்கு என்ன தெரியும்? மூலையில் துணி போட்டு மூடியிருக்கும் கணினிகளை நீங்களே ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தராசில் ஒரு மூடையை வைத்து ஒரு துண்டும் அடித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் ausearch என்ன சொல்கிறது என்று பாருங்கள். இதற்கு அரை மணித்தியாலம்தான் பிடிக்கும். அன்று எனக்கு அதை மிச்சம்பிடிப்பதுதான் பெரிதாகத் தெரிந்தது, அதனால் போகவில்லை.

அப்புறம் ஸ்கிரிப்டை ஒருதரம் கடைசி வரிவரை வாசியுங்கள். பழைய ஸ்கிரிப்ட்களின் அடியில் யாரோ பிறகு ஒட்டிய வேலை இருக்கும், மாதம் கடந்த கோப்புகளை அழிக்கும் find வரி மாதிரி. அது நின்றால் வட்டு மெல்ல மெல்ல நிரம்பும். அப்படி ஏதும் இருந்தால் அதைத் தனி வேலையாகப் பிரித்துவிட்டுத்தான் மற்றதை நிறுத்த வேண்டும்.

சரி, நிறுத்தும் நாள் வந்தால் வரியை அழிக்காதீர்கள். முன்னால் # போட்டு, திகதியையும் காரணத்தையும் மேல்வரியில் எழுதுங்கள். கூடவே விலைக் கோப்பை அந்த அடைவிலிருந்து வேறிடத்துக்கு நகர்த்துங்கள். இதுதான் நான் செய்யாதது. ஒரு எச்சரிக்கை: சில நிரல்கள் கோப்பு இல்லையென்றால் விலையைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒத்திகைத் துண்டைக் கோப்பு நகர்ந்த பின்னும் ஒருதரம் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளி மாலையில் செய்யாமல், நீங்கள் கதிரையில் இருக்கும் ஒரு காலையில் செய்யுங்கள்.

பிறகு ஒரு காலபோக அறுவடையும் ஒரு சிறுபோக அறுவடையும் கடக்கட்டும். சில களஞ்சியங்கள் ஒரு போகத்துக்கு மட்டும்தான் திறக்கும். அதன் பின் # போட்ட வரியை எடுத்துவிடலாம், ஸ்கிரிப்ட்டின் பிரதி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாங்குளத்தில் நாங்கள் தராசு நிரலிலும் ஒன்று மாற்றினோம். விலைக் கோப்பு 24 மணித்தியாலத்துக்கு மேல் பழசாக இருந்தால் துண்டு அடிக்காது, சிவப்பில் ஒரு வரி வரும். போன வருடம் ஒருதரம் வந்தது. முதல் லாண்ட்மாஸ்டர் படலைக்குள் வருமுன்னே எனக்குத் தொலைபேசி அடித்துவிட்டார்கள்.