மூன்று வரிச் சுருக்கத்தை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மேடம், நான் பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லர். கம்பெனியில் இங்கிலீஷில் ஒரு பக்க நோட்டீஸ் கொடுத்தார்கள். என் மகள் போட்டோ எடுத்து, போனில் ஒரு ஆப்பில் போட்டுத் தமிழில் சுருக்கம் எடுத்துத் தந்தாள். இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. "டிசம்பர் 1 முதல் ஷிப்ட் காலை 8 மணிக்குத் தொடங்கும். நவம்பர் 20க்குள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். போக்குவரத்து அலவன்ஸ் நிறுத்தப்படும்" என்று வந்தது. கையெழுத்துப் போடலாமா? நோட்டீஸை நானும் ஒரு தடவை படம் எடுத்து, மகள் எடுத்த போட்டோவோடு அனுப்பியிருக்கிறேன்.

பதில்: இப்போதைக்குப் போட வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் வரி சரி. இரண்டாவது தலைகீழ். மூன்றாவது பாதி.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன், நீங்களும் மகளும் உட்கார்ந்து செய்து பாருங்கள். சுருக்கத்தின் ஒரு வரியை எடுங்கள். அது நோட்டீஸில் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாக்கியம் கிடைத்ததும் மகள் அதை முழுதாக, முற்றுப்புள்ளி வரை, தமிழில் சொல்லட்டும். 'நவம்பர் 20' என்ற தேதி இரண்டிலும் இருக்கிறதே என்று நிறுத்திவிட்டால் ஏமாந்துபோவோம். உங்கள் நோட்டீஸின் இரண்டாம் பத்தி சொல்வது இது: ஆட்சேபம் உள்ளவர்கள் 20ஆம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும், தராவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்படும். அதாவது எழுதித் தர வேண்டியது சம்மதம் இல்லை, மறுப்பு. சுருக்கத்தை நம்பி, 'எனக்குச் சம்மதமில்லை, அதனால் எதுவும் தரப்போவதில்லை' என்று சும்மா இருந்திருந்தால், சம்மதித்ததாகக் கணக்கு வைத்திருப்பார்கள்.

மூன்றாவது வரிக்கும் அப்படியே விரல் வைத்தேன். அலவன்ஸ் நிற்பது கம்பெனி பஸ்ஸில் வருபவர்களுக்கு மட்டும். நீங்கள் பிஎம்டிசி பஸ்ஸில் வருகிறவர் என்றால் அந்த வரி உங்களைத் தொடவே இல்லை.

அப்புறம் எதிர்ப்பக்கமாகவும் ஒரு தடவை போக வேண்டும். பென்சிலால் நோட்டீஸில் உள்ள எல்லாத் தேதியையும் தொகையையும் சுற்றுங்கள். 'நாட்', 'அன்லெஸ்', 'எக்செப்ட்', 'ஒன்லி', 'சப்ஜெக்ட் டு' என்ற சொற்களையும் சுற்றுங்கள். சுற்றிய ஒவ்வொன்றும் சுருக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்தபோதுதான் இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று, கடைசிப் பத்தி. குழந்தையைக் கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்தில் விடும் தாய்மார்கள் பழைய நேரத்தையே கேட்டு விண்ணப்பிக்கலாம் என்கிறது. மகள் எடுத்த போட்டோவில் தாளின் அடிப்பகுதி மடிந்து, அந்தப் பத்தியில் பாதி வரிதான் விழுந்திருக்கிறது. ஆப் பார்க்காததை எப்படிச் சொல்லும்? நான்கு மூலையும் தெரிகிற மாதிரி எடுங்கள், பின்பக்கமும் பாருங்கள். 'அனெக்ஸர்' என்ற சொல் இருந்தால் இன்னொரு தாள் இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, தலைப்புக்கு மேலே இருக்கும் தேதி: நவம்பர் 12. சுருக்கத்தில் அது இல்லை. வக்கீலுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். வேலை நேரம் போன்ற பணி நிபந்தனைகளை மாற்ற நோட்டீஸ் கொடுத்தால் 21 நாள் கழித்தே மாற்றலாம் என்று தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2020 தொழில் உறவுகள் கோடின் 40ஆம் பிரிவிலும் அதே 21 நாள்தான். நவம்பர் 12இலிருந்து டிசம்பர் 1க்கு 19 நாள். கம்பெனியின் பணி விதிகளான நிலையாணைகளிலோ யூனியனோடு போட்ட ஒப்பந்தத்திலோ இந்த மாற்றத்துக்கு ஏற்கெனவே இடம் இருந்தால் கதை வேறு. அதனால் இதை வைத்து உடனே சண்டைக்குப் போக வேண்டாம், ஆட்சேபக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

சரி, கையெழுத்து கேட்டால் என்ன செய்வது? 'நோட்டீஸ் நகல் பெற்றுக்கொண்டேன், பதில் தனியே தருகிறேன்' என்று உங்கள் கையால் எழுதி, தேதி போட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். தமிழில் எழுதினாலும் செல்லும். பெற்றுக்கொள்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. ஆட்சேபக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை எச்ஆரிடம் கொடுத்து, மற்றதில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் தொழிலாளர் துறை இருக்கிறது. அங்கே போகும்போது நோட்டீஸின் முழு நகலையும் கடிதத்தின் நகலையும் கொண்டுபோங்கள். சுருக்கத்தை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.